எஃப்.பி.சி தாளில் வெள்ளை அணுக்களை வாசிப்பது: வன்னியில் இருப்பவர்களுக்கு

பின்னேரம் ஐந்து மணிக்கு ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும், டொக்டரைப் பார்ப்பது அடுத்த நாள் காலையில்தான். அந்த இரவில் வீட்டில் எல்லோரும் தாளை மாறி மாறிப் பார்த்து, எதற்குப் பக்கத்தில் H என்று இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் L என்று இருக்கிறது என்று தேடி, போனில் தட்டிப் பார்த்து, கடைசியில் புற்றுநோயில் போய் நிற்பார்கள். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் ஒன்றாய் இருக்கிற வீடு எங்களுடையது. கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அலைந்து, ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற ஓர் அக்காவைக் குடைந்து குடைந்து கேட்டு விளங்கிக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தாளைப் பார்த்து நீங்களே மருந்தெடுப்பதற்கு இல்லை இது. எது அவசரம், எது காத்திருக்கலாம், டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கு.

1. ரத்தம் கொடுக்கப் போகும் முன்

எஃப்.பி.சிக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். ஆனால் ஓடி, சைக்கிள் மிதித்து, வெயிலில் வந்து இறங்கின கையோடு குத்தக் கொடுக்காதீர்கள். கடும் உடல் உழைப்பு முடிந்த உடனே வெள்ளை அணுக்கள் கொஞ்ச நேரத்துக்குக் கூடிக் காட்டும். ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுக் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, முன்பு வார்டில் இருந்திருந்தால் துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் கார்ட், இப்போது குடிக்கிற எல்லாக் குளிசைகளின் மட்டைகளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய எஃப்.பி.சி தாள் ஒன்று. ஒரு வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய தாள் இல்லாமல் புதிய தாளைப் பார்க்கிறவர் பாதியைத்தான் பார்க்கிறார், ஏன் என்று கீழே ஓர் உதாரணத்தில் வரும். ரசீது மாதிரியான பளபளப்புத் தாளில் அடித்துத் தருகிற ரிப்போர்ட் சில மாதத்தில் மங்கி வெள்ளையாகிவிடும், வாங்கின அன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் ஓ.பி.டியில் எழுதித் தந்தால் இலவசம். தனியார் ஆய்வுகூடத்தில் சில நூறு ரூபாய் போகும். டெங்குக் காலத்தில் அதிகம் கேட்பார்கள் என்பதால் எஃப்.பி.சிக்கும் டெங்கு அன்டிஜனுக்கும் அரசாங்கம் உச்ச விலை வைத்திருக்கிறது, பில் கேட்டு வாங்குங்கள்.

இனி நேரம். மெஷின் ரத்தத்தை வாசிக்க ஒரு நிமிடம்தான் எடுக்கும். நேரம் போவது பயணத்தில். ஊரில் இருக்கிற சின்ன நிலையங்கள் பல ரத்தத்தை எடுத்துத் தருவதோடு சரி, குழாய் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ வேறு ஊருக்குப் போய்த்தான் வாசிக்கப்படும். ஊதா மூடிக் குழாயில் இருக்கிற ரத்தம் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் வெள்ளை அணுக்கள் உருக்குலையத் தொடங்கும். மொத்த எண்ணிக்கை அவ்வளவாக மாறாது, ஆனால் எந்த அணு எத்தனை என்கிற பிரிவு பிழைக்கும். கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கிற பிளட் பிக்சர் என்றால் இன்னும் மோசம், அதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும். அதனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "அக்கா, மெஷின் இங்கேயா இருக்கு, இல்லாட்டி வெளியில அனுப்புறீங்களா?" வெளியில் என்றால், முடிந்தவரை காலையில், வண்டி வெளிக்கிடுகிற நேரத்தை ஒட்டிக் கொடுங்கள்.

2. எந்த மெஷினில் எடுத்தது என்று பாருங்கள்

வெள்ளை அணுக்களை மெஷின்கள் இரண்டு விதமாகப் பிரிக்கும். தாளில் `LYM`, `MID`, `GRAN` என்று மூன்று வரிதான் இருந்தால் அது மூன்று பிரிவு மெஷின். `NEU`, `LYM`, `MON`, `EOS`, `BAS` என்று ஐந்து வரி இருந்தால் ஐந்து பிரிவு மெஷின், நியூட்ரோஃபில், லிம்போசைட், மொனோசைட், இயோசினோஃபில், பேசோஃபில் என்கிற ஐந்து வகை வெள்ளை அணுக்களும் அதில் தனித்தனியாக வரும்.

மூன்று பிரிவுத் தாளில் `MID` கூட என்றதும் "மொனோசைட் கூடிப் போச்சு" என்று சொல்வது இங்கே வழக்கமாக நடக்கிற கூத்து. அந்த மெஷின் அணுவின் பருமனைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. நடுத்தர அளவில் இருக்கிற எல்லாமே, மொனோசைட்டோ இயோசினோஃபிலோ வேறு ஏதோ, அந்த வரிக்குள் விழுந்துவிடும். இயோசினோஃபில்களில் ஒரு பகுதி `GRAN` வரிக்குள்ளும் போகும். ஆகவே முட்டு, சொறி, பூச்சி என்று சந்தேகப்பட்டு இயோசினோஃபில் பார்க்கத்தான் ரத்தம் கொடுக்கிறீர்கள் என்றால் ஐந்து பிரிவு மெஷின் இருக்கிற இடத்தைத் தேடிப் போங்கள், இல்லாவிட்டால் காசும் ரத்தமும் வீண்.

3. சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். H, L குழப்பங்களில் பெரும்பகுதி சதவீதத்தைப் பார்ப்பதால் வருகிறது.

வயலில் களை பிடுங்க 60 பேர் வருகிறார்கள், அதில் 20 பேர் பெண்கள், மூன்றில் ஒரு பங்கு. அடுத்த நாள் ஆண்களில் 20 பேர் வரவில்லை. இப்போது 40 பேரில் 20 பேர் பெண்கள், அரைவாசி. பெண்களின் சதவீதம் ஏறிவிட்டது, ஆனால் ஒரு பெண் கூட அதிகமாக வரவில்லை. தாளில் ஓர் அணுவின் சதவீதம் ஏறியிருந்தால் அந்த அணு கூடியிருக்கலாம், மற்ற அணு குறைந்தும் இருக்கலாம். எது என்று சதவீதம் சொல்லாது.

கணக்கு சுலபம். மொத்த வெள்ளை அணுவை அந்த சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். சில தாளில் மொத்தம் 8,600 என்று இருக்கும், சிலதில் 8.6 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஐந்து பிரிவு மெஷின்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டு `NEU#` என்று # குறியோடு தனி வரியில் தரும். # இருக்கிற வரியைப் பாருங்கள், % இருக்கிற வரியை விடுங்கள்.

வளர்ந்தவர்களுக்கு நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் இவை, ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் சற்று மாறும்: மொத்தம் 4,000 முதல் 11,000 வரை. நியூட்ரோஃபில் 2,000 முதல் 7,500 வரை. லிம்போசைட் 1,000 முதல் 4,000 வரை. மொனோசைட் 200 முதல் 1,000 வரை. இயோசினோஃபில் 500க்குக் கீழ்.

இதை வைத்து ஒன்று பாருங்கள். மொத்தம் 4,200, இயோசினோஃபில் 9%. ஆறுக்கு மேல் என்றபடியால் தாளில் H விழுந்திருக்கும். பெருக்கினால் 378, ஒன்றுமில்லை. இன்னொருவருக்கு மொத்தம் 14,000, இயோசினோஃபில் 5%. H இல்லை. பெருக்கினால் 700, உண்மையிலேயே கூட. பயந்தவர் சும்மா பயந்தார், பயப்படாதவரைத்தான் டொக்டர் கவனிக்க வேண்டியிருந்தது.

4. ஆளைப் பார்த்து வாசியுங்கள்

சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில், பிறந்து சில வாரம் போனதிலிருந்து நான்கு ஐந்து வயது வரைக்கும், லிம்போசைட்தான் நியூட்ரோஃபிலை விடக் கூட. இரண்டு வயதுப் பிள்ளைக்கு லிம்போசைட் 60% என்பது வழமையான சங்கதி. ஆனால் பல தாள்களில் பெரியவர்களின் அளவையே பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள், பிள்ளையின் வயதைப் பதியாமல் விட்டால் மெஷின் பேசாமல் H போட்டுவிடும். வயது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு மொத்தமும் நியூட்ரோஃபிலும் இயல்பாகவே ஏறும், 14,000, 15,000 என்று வரலாம், பிள்ளை பிறக்கிற நேரத்தில் இன்னும் மேலே போகும். காய்ச்சல், நோவு எதுவும் இல்லாமல் இந்த எண் மட்டும் இருந்தால் மிட்வைஃபிடம் காட்டினால் போதும்.

மருந்துகளில் முக்கியமானது பிரெட்னிசலோன். முட்டுக்கு ஐந்து நாள் குடிக்கத் தருவார்களே, அந்தக் குளிசை. ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கிற நியூட்ரோஃபில்களை அது ரத்தத்துக்குள் இறக்கிவிடும், அதனால் சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை ஏறிவிடும், லிம்போசைட்டும் இயோசினோஃபிலும் இறங்கும். கிருமி எதுவும் இல்லாமலே நியூட்ரோஃபில் 12,000 என்று வரலாம். இதைச் சொல்லாமல் தாளை நீட்டினால் தேவையில்லாத அன்டிபயோட்டிக் ஒன்று எழுதப்படும். முட்டுக்கு மருந்துப் புகை பிடித்துவிட்டு வந்த உடனே ரத்தம் கொடுத்தாலும் கொஞ்சம் ஏறும். அதனால்தான் மருந்து மட்டைகளைக் கொண்டு போகச் சொன்னேன்.

5. லிம்போசைட் கூட: டெங்குக் காலத்தில் ஏமாற்றுகிற வரி

இங்கே மாரி தொடங்கி தை மாதம் வரைக்கும் காய்ச்சல் என்றால் முதலில் நினைப்பது டெங்கு. விசுவமடுப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு 32 வயதுப் பெண்ணின் தாள் இது, காய்ச்சலின் நான்காம் நாள் எடுத்தது:

```
WBC    2.8   10^3/uL   L
NEU%   34              L
LYM%   56              H
MON%    9
EOS%    1
HCT    39    %
PLT    104   10^3/uL   L
```

வீட்டுக்காரர் பார்த்தது LYM H என்பதை. "வைரஸ் காய்ச்சல்தான், தானே மாறிடும்" என்று விட்டார்கள். பெருக்கிப் பாருங்கள். லிம்போசைட் 2,800இல் 56%, ஏறக்குறைய 1,570. முழுக்கச் சாதாரணம், ஏறவே இல்லை. நியூட்ரோஃபில் 34%, ஏறக்குறைய 950. அது கீழ் எல்லையான 2,000இன் சரி பாதிக்கும் கீழே விழுந்திருக்கிறது. ஆக இந்தத் தாள் சொல்வது "லிம்போசைட் கூடிவிட்டது" என்பதில்லை, "நியூட்ரோஃபில் விழுந்துவிட்டது, மொத்தமும் விழுந்துவிட்டது, பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டு வருகிறது" என்பதுதான். காய்ச்சலின் நான்காம் நாளில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டெங்கு என்றே வைத்து நடக்க வேண்டும்.

அடுத்தது HCT, ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடிக்கின்றன என்கிற அளவு, வைத்தியசாலையில் பி.சி.வி என்பார்கள். 39 என்பதற்கு H, L எதுவும் இல்லை. ஆனால் அவருடைய பழைய கிளினிக் தாளில் அது 36. அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நல்லவேளையாக மிட்வைஃப் அக்கா வற்புறுத்தி அன்றைக்கும் ரத்தம் கொடுக்க வைத்தார். மொத்தம் 3.1, பிளேட்லெட் 78, பி.சி.வி 43. வெள்ளை அணு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் நல்ல செய்தி போலிருக்கும். ஆனால் பி.சி.வி 36இலிருந்து 43க்கு, கிட்டத்தட்ட 19% ஏற்றம். இருபதைத் தொட்டால் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே வார்டில் போட்டார்கள். பழைய 36 கையில் இல்லாமல் இருந்திருந்தால் 43ஐப் பார்த்து யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள், ஒரு பெண்ணுக்கு அது சாதாரண அளவுக்குள்தான் இருக்கிறது.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து தினமும் எஃப்.பி.சி எடுக்க வேண்டும், கர்ப்பிணி, கைக்குழந்தை, வயதானவர், வேறு பெரிய வருத்தம் உள்ளவர் என்றால் முதல் நாளே. பரசிட்டமோல் தவிர வேறு காய்ச்சல் குளிசை வேண்டாம். டைக்குளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும், கடையில் "நல்ல பவரான குளிசை" என்று தந்தால் வாங்காதீர்கள்.

எண்ணிக்கையிலேயே லிம்போசைட் கூடினால்? இளம் ஆட்களில் பெரும்பாலும் வைரஸ், சில வாரத்தில் தணியும். பிள்ளைக்கு விடாத இருமலோடு லிம்போசைட் மிகவும் கூடியிருந்தால் குக்கல் இருமலையும் டொக்டர் நினைப்பார், அது பக்டீரியா நோயாக இருந்தும் லிம்போசைட்டைத்தான் ஏற்றும். அறுபது தாண்டியவருக்கு, காய்ச்சலோ நோவோ இல்லாமல், 5,000க்கு மேல் மூன்று மாதமாக நிற்கிறது என்றால் மெதுவாக வளர்கிற ஒருவகை ரத்தப் புற்றாக இருக்கலாம். இந்தச் சொல்லைக் கேட்டதும் இரவோடு இரவாக வான் பிடிக்க வேண்டியதில்லை. பிளட் பிக்சர் எடுத்து, ஹெமட்டோலஜி கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிப் போகலாம். பலருக்கு வருடக்கணக்கில் மருந்தே இல்லாமல் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

6. நியூட்ரோஃபில் கூட: கிருமி மட்டும் காரணமில்லை

சீழ், நிமோனியா, சிறுநீர்க் கிருமி, அப்பெண்டிக்ஸ் என்று பக்டீரியா புகுந்த இடமெல்லாம் நியூட்ரோஃபில் ஏறும், அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எரிகாயம், எலும்பு முறிவு, சத்திரசிகிச்சை, புடையன் கடி, மாரடைப்பு, மேலே சொன்ன பிரெட்னிசலோன், தினமும் புகைப்பது இவையும் ஏற்றும். அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்து அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். மறுபக்கமும் உண்டு: டைஃபோயிட் பக்டீரியா நோய்தான், ஆனாலும் வெள்ளை அணு சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும்.

காலபோக விதைப்புக் காலத்தில் இந்த வரி வன்னியில் பெரிய உதவி செய்யும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே பருவத்தில் வரும், இரண்டிலும் காய்ச்சல், உடம்பு உளைவு, பிளேட்லெட் இறக்கம். வித்தியாசம் வெள்ளை அணுவில். டெங்குவில் மொத்தமும் நியூட்ரோஃபிலும் இறங்கும். எலிக்காய்ச்சலில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் ஏறும். சேற்றில் இறங்கி வேலை செய்தவர், கெண்டைக்கால் தொட்டாலே நோகிறது, கண் சிவந்திருக்கிறது, நியூட்ரோஃபில் 11,000, பிளேட்லெட் 90,000 என்றால், டெங்கு அன்டிஜன் நெகட்டிவ் என்று வீட்டுக்கு வந்து படுக்கக் கூடாது. வயலில் இறங்கினதை டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், சிறுநீர் குறைந்திருந்தால் அதையும். அந்த நோய் சிறுநீரகத்தைப் பிடிக்கும். ஆரம்பத்திலேயே அன்டிபயோட்டிக் தொடங்கினால் கேட்கும். வயலுக்கு இறங்கும் முன்னரே எம்.ஓ.எச். காரியாலயத்தில் அல்லது பி.எச்.ஐயிடம் கேட்டால் வாரத்துக்கு ஒருமுறை குடிக்கிற டொக்சிசைக்கிளின் இலவசமாகத் தருவார்கள்.

எண்ணிக்கை ஐம்பதாயிரம் தாண்டினால், அல்லது காய்ச்சல் இல்லாமலே முப்பது நாற்பதாயிரத்தில் நின்று இடது விலாவுக்குக் கீழே கனமாக இருந்தால், பிளட் பிக்சர் கட்டாயம்.

7. இயோசினோஃபில் கூட: அவசரப்படாமல், ஆனால் விடாமல்

எங்கள் பக்கத்தில் மிக அடிக்கடி H விழுகிற வரி இதுதான். 500 முதல் 1,500 வரை என்றால் கொஞ்சம் கூட, 5,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கொஞ்சம் கூட என்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒவ்வாமை: முட்டு, தும்மல், தோல் கரப்பன். முட்டு இருக்கிறவருக்கு 800 வந்தால் ஆச்சரியமில்லை.

1,500 தாண்டினால் வேறு யோசனை வேண்டும். கொப்பியில் இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள்.

முதலாவது, கடந்த இரண்டு மாதத்தில் புதிதாகத் தொடங்கின மருந்து. வலிப்புக்குத் தருகிற கார்பமசெப்பீன், ஃபெனிட்டொயின், யூரிக் அமிலத்துக்குத் தருகிற அலோபியூரினோல், சில அன்டிபயோட்டிக். தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, முகம் வீங்குவது, கூடவே இயோசினோஃபில் ஏற்றம் என்றால் அது காத்திருக்கிற விஷயமே இல்லை, ஈரலைப் பிடிக்கும். அடுத்த வேளைக் குளிசைக்கு முன்னர் வைத்தியசாலையில் நில்லுங்கள்.

இரண்டாவது, வெறுங்காலோடு தோட்டத்தில், ஈர மண்ணில் நடக்கிற பழக்கம். கொக்கிப்புழுவும் ஸ்ட்ரொங்கிலொயிடஸ் என்கிற இன்னொரு புழுவும் பாதத் தோலைத் துளைத்துத்தான் உள்ளே வரும், உடம்புக்குள் பயணம் போகிற புழுதான் இயோசினோஃபிலை நன்றாக ஏற்றும். குடலுக்குள்ளேயே இருந்து, இரவில் பிள்ளையின் பின்பக்கம் கடிக்கிற கீரிப்பூச்சி அவ்வளவாக ஏற்றாது. அதனால் "பூச்சிக் குளிசை ஒன்று போட்டால் சரி" என்பது பாதி உண்மை. வருடத்துக்கு இருமுறை குடிக்கிற ஒற்றை மெபெண்டசோல் ஸ்ட்ரொங்கிலொயிடஸைத் தீர்க்காது, அதற்கு ஐவர்மெக்டின் வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. இயோசினோஃபில் 2,500, கூடவே இருமல், இழுப்பு. முட்டு என்று நினைத்து பிரெட்னிசலோன் தொடங்குகிறார்கள், அடுத்த ரத்தத்தில் இயோசினோஃபில் இறங்கிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் உள்ளே இருப்பது ஸ்ட்ரொங்கிலொயிடஸ் என்றால் அந்தக் குளிசை புழுவைக் கட்டவிழ்த்துவிடும், அது பெருகி உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். நீண்ட நாள் ஸ்டீரொயிட் தொடங்க முன்னர், "இயோசினோஃபில் கூடியிருந்தது, பூச்சிக்குப் பார்க்கவில்லை" என்று டொக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

மூன்றாவது, வீட்டு நாய், பூனை. நாயின் குடல் புழு முட்டை மண்ணோடு பிள்ளையின் வாய்க்குள் போனால் உடம்புக்குள் அலையும், மனிதனுக்குள் அது முற்றி முட்டையிடாது. அதனால் மலப் பரிசோதனையில் ஒருநாளும் தெரியாது. மண் தின்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு மலம் நெகட்டிவ் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

நான்காவது, எங்கே இருந்தீர்கள் என்பது. இலங்கையில் யானைக்கால் நோய் தென்மேற்குக் கரையோரத்தின் நோய், வன்னியின் நோய் இல்லை. ஆனால் கொழும்புப் பக்கம் பல வருடம் வேலை செய்தவர், இந்தியாவில் முகாமில் இருந்து திரும்பினவர் இங்கே நிறையப் பேர். இரவில் மட்டும் கடும் இருமலும் இழுப்பும், இயோசினோஃபில் 3,000க்கு மேல் என்றால் அந்தக் கிருமி நுரையீரலில் செய்கிற வேலையாக இருக்கலாம், அதற்கு மூன்று வார மருந்து உண்டு, முட்டுப் பம்ப் அடித்துத் தீராது.

மலப் பரிசோதனை ஒரு நாள் எடுத்து நெகட்டிவ் என்றால் போதாது, வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுங்கள், அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். காரணம் எதுவும் பிடிபடாமல் 1,500க்கு மேல் மாதக்கணக்கில் நின்றால் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த அணுக்கள் கூட்டமாக நீண்ட நாள் இருந்தால் இதயத் தசையைக் கெடுக்கும்.

8. மொனோசைட் கூட

இதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. காய்ச்சல் முடிந்து உடம்பு தேறுகிற நேரத்தில் முதலில் ஏறுகிற அணு இது, அநேகமாக நல்ல சகுனம். 1,000க்கு மேல் நின்று, கூடவே இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மெலிவு, இரவு வியர்வை இருந்தால் மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், சளிப் பரிசோதனை இலவசம், காசநோய் மருந்தும் இலவசம். வயதானவருக்குக் காரணமில்லாமல் மூன்று மாதம் நின்றால் பிளட் பிக்சர்.

9. எப்போது திரும்ப எடுப்பது, எப்போது உடனே ஓடுவது

ஆள் நன்றாக இருக்கிறார், எண் கொஞ்சம் கூட என்றால் அடுத்த நாளே திரும்ப எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். காய்ச்சலோ தடிமனோ மாறி நான்கு ஆறு வாரம் போகட்டும், அப்புறம் அதே ஆய்வுகூடத்தில், முடிந்தால் அதே நேரத்தில் எடுங்கள். மெஷின் மாறினால் எண்ணும் மாறும், எது நோய் எது மெஷின் என்று தெரியாமல் போகும்.

அன்றைக்கே போக வேண்டியவை குறைவு. நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருந்து காய்ச்சல் அடித்தால், புற்றுநோய் ஊசி போடுகிறவர் என்றால் 1,000க்குக் கீழேயே. பிளட் பிக்சரில் பிளாஸ்ட் என்ற சொல் இருந்தால். வெள்ளை அணு எதுவாக இருந்தாலும் ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் சேர்ந்து இறங்கியிருந்தால். டெங்குக் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று நோ, விடாத சத்தி, கை கால் குளிர்வது, சிறுநீர் போகாமல் இருப்பது என்று ஏதாவது ஒன்று இருந்தால், அந்த நேரத்தில் தாளில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஏறும்போது பழைய தாள்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.